மஞ்சள் கருவுக்கு நிறம் எங்கிருந்து வருகிறது?

என் சித்தி வீடு புக்கிட் மெர்தாஜம் பக்கத்தில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் கம்பி வேலி போட்டு எட்டுக் கோழிகள் வளர்க்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாறப் போயிருந்தேன். சித்தி இரண்டு வெள்ளைத் தட்டுகளை மேசைமேல் வைத்து, ஒன்றில் பேரங்காடியில் வாங்கிய முட்டையையும் மற்றதில் தன் கோழி இட்ட முட்டையையும் உடைத்து ஊற்றினார். கடை முட்டையின் கரு ஆரஞ்சுச் சுளை போலச் சிவந்திருந்தது. சித்தியின் முட்டைக் கரு எலுமிச்சைத் தோலைவிட வெளுத்திருந்தது.

"பார் தம்பி, என் கோழி வெயிலில் நிற்கிறது, மண்ணைக் கிளறுகிறது. அதன் முட்டை இப்படிச் சோகை பிடித்த மாதிரி இருக்கிறது. கூண்டில் அடைத்த கோழியின் முட்டை பளபளக்கிறது. இது எப்படி?" என்று கேட்டார்.

செபராங் பிறையில் முட்டைக் கோழிப் பண்ணைகளுக்குத் தீவனம் கலக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத உறவினர் இல்லை. சந்தையில் கம்போங் முட்டை விற்பவர்கூடக் கருவின் நிறத்தைக் காட்டித்தான் விலை சொல்கிறார். அதனால் சித்திக்குச் சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, கோழியால் மஞ்சள் நிறத்தைத் தன் உடலில் உண்டாக்க முடியாது. கருவில் இருக்கும் மஞ்சள் முழுவதும் அது தின்ற தீனியிலிருந்து வந்தது. செடிகளில் கரோட்டினாய்டுகள் என்ற நிறப்பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் லூட்டின், ஜீயாசாந்தின் என்ற இரண்டுதான் கருவுக்கு மஞ்சள் கொடுப்பதில் முன்னே நிற்பவை. மஞ்சள் மக்காச்சோளத்திலும் பச்சை இலைகளிலும் இவை உண்டு. பச்சை இலையில் இருக்கும் மஞ்சளை இலையின் பச்சை மறைத்துவிடுவதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கோழி இலையைத் தின்னும்போது பச்சை கழிவோடு போய்விடுகிறது, மஞ்சள் கொழுப்போடு சேர்ந்து கருவுக்குப் போய்ச் சேர்கிறது.

கேரட்டிலும் செம்பனை எண்ணெயிலும் இருக்கும் பீட்டா கரோட்டின் என்ன ஆகிறது என்று பலர் கேட்பார்கள். செம்பனை விளையும் நாட்டில் இருக்கிறோம், கேள்வி நியாயமானது. பீட்டா கரோட்டினில் பெரும்பகுதியைக் கோழி வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. வைட்டமின் ஏ கருவுக்கு நிறம் ஏற்றுவதில்லை. எனவே கேரட் தின்ற கோழியின் கரு நாம் எதிர்பார்க்கும் அளவுக்குச் சிவக்காது. இதைத் திருப்பிப் பார்த்தால் இன்னொன்றும் விளங்கும். வெளுத்த கருவிலும் வைட்டமின் ஏ நிறைய இருக்கலாம். பண்ணைத் தீவனத்தில் அதைத் தனியாகவே சேர்க்கிறார்கள்.

அரிசிக் குருணை, கோதுமை, வெள்ளைச் சோளம் ஆகியவற்றில் இந்த மஞ்சள் நிறப்பொருள் மிகவும் குறைவு. இவற்றையே தின்னும் கோழியின் கரு வெளுத்துத்தான் இருக்கும். சித்தி வீட்டுத் தீவனச் சாக்கை எடுத்துப் படித்தேன். முதலில் அச்சிட்டிருந்தது கோதுமை. அடுத்தது சோயா புண்ணாக்கு, பிறகு தவிடு. மக்காச்சோளம் விலை ஏறும்போது ஆலைகள் கோதுமைக்கு மாறுவது புதிதல்ல. வேலிக்குள் போய்ப் பார்த்தேன். புல் இருந்த இடத்தை எட்டுக் கோழிகளும் எப்போதோ கிளறி வெறும் மண்ணாக்கியிருந்தன. வெளியில் திரிகிற கோழிதான், ஆனால் கொத்துவதற்கு ஓர் இலைகூட இல்லை. வெளுப்புக்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

இனி, கடை முட்டையின் ஆரஞ்சு நிறத்துக்கு வருவோம். பண்ணைக்காரர்கள் கருவின் நிறத்தை அளக்க ஒரு விசிறி வைத்திருக்கிறார்கள். சாயக்கடைகளில் சுவர்ப்பூச்சு நிறங்களைக் காட்டும் அட்டை போல, வெளிர் மஞ்சளிலிருந்து அடர்ந்த ஆரஞ்சு வரை வரிசையாக எண் போட்ட இதழ்கள் இருக்கும். 1 என்றால் ஏறக்குறைய வெள்ளை, 15 என்றால் ஆரஞ்சுச் சிவப்பு. முட்டையை உடைத்து, கருவின் மேல் இதழைப் பிடித்து, எந்த எண்ணோடு பொருந்துகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். சித்தியின் முட்டைக்கு நான் கண்ணளவில் போட்ட எண் 3. கடை முட்டைக்கு 12.

3-லிருந்து 12-க்கு எப்படிப் போவது? கணக்கு போட்டால் எளிதாகப் புரியும். ஒரு கிலோ மஞ்சள் மக்காச்சோளத்தில் ஏறக்குறைய 20 மில்லிகிராம் மஞ்சள் நிறப்பொருள் இருக்கும். தீவனத்தில் பாதி மக்காச்சோளம் என்றால் ஒரு கிலோ தீவனத்தில் 10 மில்லிகிராம் கிடைக்கும். ஒரு முட்டைக் கோழி ஒரு நாளைக்கு 110 கிராம் அளவுக்குத் தின்னும். அப்படியென்றால் அதன் வயிற்றுக்குள் போவது ஒரு மில்லிகிராமைச் சற்றே தாண்டும். அதிலும் ஒரு சிறு பங்குதான் கருவுக்குப் போகிறது. இந்த அளவுக்கே நல்ல மஞ்சள் வந்துவிடும், விசிறியில் 7 அல்லது 8 என்று வைத்துக்கொள்ளலாம்.

அதற்கு மேல் ஏற்றத்தான் துலுக்கச் சாமந்தி வருகிறது. பினாங்கு லிட்டில் இந்தியாவில் மாலை கட்டுகிற அதே ஆரஞ்சுப் பூ. அதன் இதழ்களை உலர்த்தி, சாறு எடுத்து, பொடியாக்கி விற்கிறார்கள். இதழில் இருப்பது பெரும்பாலும் லூட்டின்தான். நூற்றுக்கு இரண்டு பங்கு நிறப்பொருள் உள்ள பொடியை ஒரு டன் தீவனத்தில் அரைக் கிலோ கலந்தால், ஒவ்வொரு கிலோ தீவனத்திலும் மேலும் 10 மில்லிகிராம் சேர்ந்துவிடும். ஒரு லாரி தீவனத்துக்கு நாலைந்து கிலோ பூப்பொடி போதும். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை, தீவன ஆலைகளில் அன்றாடம் நடக்கிற வேலைதான்.

ஆனால் மஞ்சளை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் ஆரஞ்சு வராது. ஓரளவுக்குப் பிறகு மஞ்சள் இன்னும் அழுத்தமான மஞ்சளாகும், அவ்வளவுதான். ஆரஞ்சு வேண்டுமென்றால் சிவப்பு சேர வேண்டும். அதற்கு மிளகாய் இனத்தைச் சேர்ந்த பாப்ரிக்காவின் சாற்றையோ, ஆலையில் செய்யப்படும் கேந்தாசாந்தின் என்ற நிறப்பொருளையோ கலக்கிறார்கள். கிலோவுக்குச் சில மில்லிகிராம் போதும். வளைந்த கரண்டியில் மஞ்சள்பொடியை அள்ளிப் போட்டால் சாம்பார் மஞ்சளாகவே இருக்கும், மிளகாய்ப்பொடி ஒரு சிட்டிகை விழுந்தால்தான் நிறம் மாறும். கருவிலும் நடப்பது அதுதான். கேந்தாசாந்தினுக்கு ஐரோப்பிய ஒன்றியம் முட்டைக் கோழித் தீவனத்தில் கிலோவுக்கு 8 மில்லிகிராம் என்று உச்ச வரம்பு வைத்திருக்கிறது. தோலை மாநிறமாக்கிக்கொள்ள இதை மாத்திரையாக அதிக அளவில் விழுங்கியவர்களின் விழித்திரையில் நுண்ணிய படிகங்கள் சேர்ந்தது தெரிந்த பிறகு இந்த அளவில் கவனம் கூடியது. முட்டை வழியாக நம்மிடம் வருவது அந்த மாத்திரை அளவோடு ஒப்பிடவே முடியாத சிறு அளவு.

சிவந்த கருவுக்கு மக்கள் அதிக விலை கொடுக்கும்போது வேறு விதமான கலப்படக்காரர்களும் புகுந்துவிடுகிறார்கள். 2006-இல் சீனாவின் ஹெபெய் மாநிலத்தில் சிவந்த கருவுள்ள வாத்து முட்டைகள் பிடிபட்டன. ஏரிக்கரையில் மீனும் இறாலும் தின்ற வாத்துகளின் முட்டை என்று நம்பித்தான் வாங்குவோர் கூடுதல் விலை கொடுத்தார்கள். தீவனத்தில் கலந்திருந்தது சூடான் சிவப்பு, அதாவது உணவில் சேர்க்கத் தடை செய்யப்பட்ட தொழிற்சாலைச் சாயம். நிறத்தையே சான்றிதழாக எடுத்துக்கொண்டால் ஏமாற்றுபவனுக்கு வேலை எவ்வளவு எளிதாகிவிடுகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

அப்படியென்றால் சத்து? ஒரு சாதாரண முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம், 5 கிராம் கொழுப்பு. விசிறியில் 3 வந்தாலும் 12 வந்தாலும் இதில் மாற்றம் இல்லை. புரதம் குறைந்த தீவனம் தின்னும் கோழி, புரதம் குறைந்த முட்டையை இடுவதைவிட, முட்டையின் எண்ணிக்கையைக் குறைக்கும் அல்லது சிறிய முட்டையை இடும். தீவனத்துக்கேற்ப உண்மையாகவே மாறுகிற சத்துகளும் உண்டு. வைட்டமின் டி, வைட்டமின் ஈ, அயோடின், ஒமேகா 3 கொழுப்பு ஆகியவை அப்படிப்பட்டவை. தீவனத்தில் ஆளி விதையோ மீன் எண்ணெயோ சேர்த்தால் முட்டையில் ஒமேகா 3 கூடும். இவற்றில் ஒன்றுக்கும் நம் கண்ணுக்குத் தெரிகிற நிறம் கிடையாது. ஒமேகா முட்டை என்று அட்டைப்பெட்டியில் எழுதி விற்பதன் கரு ஆரஞ்சாக இருந்தால், அதற்குக் காரணம் ஒமேகா அல்ல, கூடவே சேர்த்த நிறப்பொருள்.

நிறத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள சத்து ஒன்றே ஒன்றுதான், அது லூட்டினும் அதன் துணையான ஜீயாசாந்தினும். இவை நம் விழித்திரையின் நடுப்பகுதியில் சேர்ந்து கண்ணைக் காப்பவை. துலுக்கச் சாமந்தியாலோ கீரையாலோ மக்காச்சோளத்தாலோ மஞ்சளான கருவில் இவை கூடுதலாக இருக்கும், அந்த வகையில் நிறம் பொய் சொல்லவில்லை. ஆனால் கேந்தாசாந்தினால் வந்த சிவப்பு லூட்டின் ஆகாது. தட்டில் இருக்கும் ஆரஞ்சைப் பார்த்து எவ்வளவு பூவிலிருந்து வந்தது, எவ்வளவு ஆலையிலிருந்து வந்தது என்று கண்ணால் பிரித்துச் சொல்ல என்னாலும் முடியாது. அளவையும் பாருங்கள். சாதாரண முட்டை ஒன்றில் லூட்டினும் ஜீயாசாந்தினும் சேர்ந்து கால் மில்லிகிராம் அளவுக்குத்தான் இருக்கும். 100 கிராம் பாலக் கீரையில் 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. முட்டையில் கொழுப்பும் கூடவே இருப்பதால் உடல் அதை நன்றாக உறிஞ்சிக்கொள்கிறது என்பது உண்மை. இருந்தாலும் கண்ணுக்காக என்று சொல்லி முட்டைக்கு இரட்டை விலை கொடுப்பதைவிட, அந்தப் பணத்தில் ஒரு கட்டுக் கீரை வாங்கி, எண்ணெய் விட்டுத் தாளித்துச் சாப்பிடுங்கள் என்றுதான் சித்தியிடம் சொன்னேன்.

சித்தி கேட்டாரா? நிறம் வேண்டும் என்ற ஆசை விடவில்லை. நான் பினாங்குத் தீவுக்குத் திரும்பிய மறுநாளே உடைத்த மக்காச்சோளம் ஒரு மூட்டை வாங்கி, தீவனத்தில் பாதிக்குப் பாதி கலந்து போடத் தொடங்கிவிட்டார். மூன்று நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்து, "ஒன்றும் மாறவில்லையே" என்றார். மாறாது. கோழியை அறுத்துச் சுத்தம் செய்பவர்கள் பார்த்திருப்பார்கள், உள்ளே கோலிக்குண்டு அளவில் ஒன்று, அதைவிடச் சற்றுப் பெரியது, அதற்கடுத்தது என்று மஞ்சள் கருக்கள் கொத்தாக வரிசையில் காத்திருக்கும். ஒரு கரு சிறிய அளவிலிருந்து முழுக் கருவாக வளர ஏறக்குறைய 10 நாள் ஆகிறது. தினமும் வெளிப்புறத்தில் ஒரு படலம் சேர்கிறது. கொத்தை விட்டு விடுபட்ட கருவுக்கு வெள்ளையும் ஓடும் சேர மேலும் ஒரு நாள். எனவே இன்று தின்னும் தீனி நாளைய முட்டைக்குப் போவதே இல்லை. நாலாம் நாள், ஐந்தாம் நாள் முட்டையில் வெளிப்பகுதி மட்டும் நிறமேறியிருக்கும். பத்துப் பன்னிரண்டாம் நாள் முட்டையில்தான் முழு நிறம் நிலைக்கும்.

சித்தியிடம் ஆறாம் நாள் முட்டையை நன்றாக வேகவைத்து, கத்தியால் நசுக்காமல் நூலால் அறுத்துப் பார்க்கச் சொன்னேன். கைப்பேசியில் படம் அனுப்பினார். நடுவில் வெளிர் மஞ்சள், அதைச் சுற்றி அடர்ந்த மஞ்சள் வளையம். எட்டுக் கோழிகளின் தீனி மாறிய நாள் அந்த வளையத்தின் உள்விளிம்பில் எழுதியிருந்தது. அதிகம் வெந்த முட்டைக் கருவைச் சுற்றிச் சாம்பல் பச்சையாக ஒரு கோடு வருமே, அதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது கருவிலுள்ள இரும்பும் வெள்ளையிலிருந்து வரும் கந்தகமும் சேர்ந்து உண்டாவது, தீனிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இரண்டாவது வாரம் சித்திக்கு ஒரே மகிழ்ச்சி. கரு 7 வரை வந்துவிட்டது. ஐந்தாவது வாரம் மீண்டும் அழைத்தார். முட்டை கையில் எடுத்தாலே நொறுங்குகிறது, ஒன்று தோல் முட்டையாகவே விழுந்தது, ஒரு நாளைக்கு ஆறு கிடைத்த இடத்தில் மூன்றுதான் கிடைக்கிறது என்றார்.

அவர் செய்ததைக் கணக்கிட்டுப் பாருங்கள். முட்டைக் கோழித் தீவனத்தில் புரதம் நூற்றுக்கு 17 அளவில் இருக்கும், சுண்ணாம்புச்சத்து 4 அளவில் இருக்கும். மக்காச்சோளத்தில் புரதம் 8 அளவுதான், சுண்ணாம்புச்சத்து இல்லையென்றே சொல்லலாம். பாதிக்குப் பாதி கலந்ததும் புரதம் பன்னிரண்டரைக்கு இறங்கிவிட்டது, சுண்ணாம்பு 2-க்கு வந்துவிட்டது. ஓட்டுக்குத் தேவையான சுண்ணாம்பைக் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துச் சில நாள் சமாளிக்கும், அதன் பிறகு முடியாது. தட்டில் கருவின் நிறம் மூன்றிலிருந்து ஏழுக்கு ஏறிய அதே வாரங்களில் கோழியின் உணவு முன்பைவிட மோசமாகிக்கொண்டிருந்தது. கருவை மட்டும் பார்த்திருந்த யாரும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. சொன்னது ஓடு.

மக்காச்சோளத்தை நிறுத்திப் பழைய தீவனத்துக்கே திரும்பச் சொன்னேன். கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் வேண்டிய கோழி வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும். நிறத்துக்கு, மாலையில் தீவனம் தின்று முடித்த பிறகு முருங்கை இலையோ வீட்டுக்கு ஆய்ந்த கீரையின் மிச்சமோ ஒரு கட்டாக வேலியில் கட்டித் தொங்கவிட வேண்டும். இலையில் பெரும்பகுதி தண்ணீர், அதனால் தீவனத்தின் சத்தை மக்காச்சோளம் போல நீர்க்கச் செய்துவிடாது.

கம்போங் கோழி முட்டையின் கரு ஏன் பல நேரங்களில் அடர்ந்திருக்கிறது என்பதற்கும் ஒரு காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இலை, பூச்சி, மக்காச்சோளம் எல்லாம் கிடைப்பது ஒரு பக்கம். மறுபக்கம், அது வாரத்துக்கு இரண்டு மூன்று முட்டைதான் இடுகிறது. பண்ணைக் கோழி ஏறக்குறைய தினமும் இடுகிறது. தின்ற நிறம் குறைந்த கருக்களுக்குள் பங்கானால் ஒவ்வொன்றும் அடர்த்தியாகும். மஞ்சள் கால் உள்ள கோழி முட்டையிடத் தொடங்கி மாதக்கணக்கானதும் அதன் கால் வெளுத்துவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். தோலுக்குப் போக வேண்டிய மஞ்சளும் கருவுக்குப் போய்விடுவதால் வரும் மாற்றம் அது. முட்டையை நிறுத்தினால் கால் மறுபடி மஞ்சளாகும். மழையில்லாத மாதங்களில் புல் காய்ந்துவிட்டால், அதே கம்போங் கோழியின் கருவும் வெளுக்கும்.

நிறம் உண்மையிலேயே பயன்படும் இடம் ஒன்று உண்டு. தீவனம் மாறாமல் இருக்கும்போது, கூட்டம் முழுவதிலும் கரு திடீரென்று வெளுத்தால் ஏதோ தவறு நடந்திருக்கிறது. பண்ணையில் விசிறியின் எண் 12-லிருந்து 9-க்கு இறங்கினால் முதலில் தீவனக் கிடங்குக்குத்தான் ஓடுவோம். நம் ஊர் வெக்கையில் நிறப்பொருள் பொடி பழசாகி வலுவிழந்திருக்கலாம், அல்லது ஈரம் பட்டு மக்காச்சோளத்தில் பூசணம் பிடித்திருக்கலாம். பூசண நஞ்சு ஈரலைத் தாக்கினால் கோழியால் கொழுப்பையும் அதோடு சேர்ந்த நிறத்தையும் சரியாகக் கையாள முடியாது. கிடங்கில் குறையில்லை என்றால் அடுத்து எச்சத்தைப் பார்ப்போம். குடற்புழுவோ இரத்தக் கழிச்சல் நோயோ குடல் சுவரைக் கெடுத்திருந்தால், தீனியில் நிறம் இருந்தும் உடலுக்குள் ஏறாது. தரையில் திரியும் கோழிக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம், ஏனென்றால் அது தன் எச்சத்தின்மேலேயே கிளறித் தின்கிறது. ஒரே ஒரு முட்டை வெளுத்திருந்தால் பயப்பட வேண்டியதில்லை. ஒரு கோழி சரியாகத் தின்றிருக்காது, அல்லது இலைக்கட்டில் அதற்குப் பங்கு கிடைத்திருக்காது.

ஆறு வாரம் கழித்துச் சித்தி வீட்டுக்குப் போனேன். வேலியில் முருங்கைக் கட்டு தொங்கிக்கொண்டிருந்தது, காம்புகள் மட்டும் மிஞ்சியிருந்தன. அன்றைய முட்டைகளில் ஒன்றை எடுத்துக் கல்லில் தட்டினேன். இரண்டாவது தட்டுக்குத்தான் உடைந்தது. கரு 6 இருக்கும். சித்தி அதைப் பார்த்துவிட்டு, உடைந்த ஓட்டை எடுத்து விரல்களுக்கு நடுவில் அழுத்திப் பார்த்தார்.